நாக்கு சொன்ன பொய்யும் நாற்பது பக்க நோட்டும்

காலை நடைக்கு வரும் நண்பர்களிடம் போன வாரம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நான் பட்ட பாடு இருக்கிறதே! "காபி குடித்ததும் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன்" என்றேன். அவ்வளவுதான். பெஞ்சில் இருந்த நாலு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து மரத்துக் காக்கை பறந்துவிட்டது.

"சார், முப்பத்திரண்டு வருஷம் தணிக்கைத் துறையில் இருந்தது போதாதா? காபிக்குமா ஆடிட்?" என்றார் ஒருவர். இன்னொருவர், "எழுபது வருஷமாகக் குடிக்கிற நாக்குக்குத் தெரியாததையா நோட்டு சொல்லப் போகிறது?" என்றார்.

அவருக்குத்தான் இந்தக் கட்டுரை. நாக்குக்குத் தெரியாது என்பதே என் கட்சி. குடித்துக்கொண்டிருக்கும் அந்த நிமிடத்தில் நன்றாயிருக்கிறதா இல்லையா என்று நாக்கு சொல்லும். ஏன் நன்றாயிருக்கிறது, நேற்றைவிட மேலா, நாளைக்கும் இப்படிக் கிடைக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் அதற்குப் பதில் தெரியாது. தெரியாது என்று ஒப்புக்கொள்ளவும் மாட்டாது. வாய்க்கு வந்த காரணத்தைச் சொல்லும். அந்தக் காரணத்தை நம்பி நான் ஒரு நல்ல மனிதரைத் திருடன் என்று சொல்லிவிட்டேன். அதனால்தான் இவ்வளவு உறுதியாக எழுதுகிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பொங்கல் கழிந்த சமயம். இரவில் தூக்கம் சரியில்லை, நெஞ்செரிச்சல் வேறு. டாக்டர், "சாயங்காலக் காபியை விட்டுவிடுங்கள். காலையில் ஒன்றோடு நிறுத்துங்கள்" என்றார். காபியில் உள்ள கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகுமாம். சாயங்காலம் ஐந்து மணிக்குக் குடித்தால் இரவு பத்து மணிக்கும் பாதி உள்ளே உட்கார்ந்திருக்கும். சரி என்று விட்டுவிட்டேன். "நீங்கள் குடிக்காமல் நான் மட்டும் எப்படி?" என்று என் மனைவியும் சாயங்காலக் காபியை விட்டுவிட்டாள்.

ஒரு நாளைக்கு ஒரே ஒரு டம்ளர்தான் என்று ஆனபிறகு அந்த ஒன்று நன்றாயிருக்க வேண்டாமா? இருக்கவில்லை. பிப்ரவரி பாதியிலிருந்து காபியில் ஏதோ குறைந்தது. டிகாக்ஷன் கறுப்பாகத்தான் இருந்தது, ஆனால் மணம் இல்லை. குடித்து முடித்தால் தொண்டையில் ஒரு மரத்தூள் கசப்பு. "பொடியில் கடைக்காரன் கை வைத்துவிட்டான்" என்று முடிவு கட்டினேன். நாங்கள் வாங்குவது பீபெரியும் பிளான்டேஷன் ஏயும் சேர்த்து வறுத்து, நூற்றுக்கு 20 பங்கு சிக்கரி கலந்த பொடி. பெரியவர் இருந்தவரை ஒழுங்காக இருந்தது, மகன் வந்தபின் சிக்கரியைக் கூட்டிவிட்டான். இதுதான் என் தீர்ப்பு.

ஆதாரமும் தயார் செய்தேன். கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் எடுத்து மேலே ஒரு ஸ்பூன் பொடியைத் தூவினேன். காபித் தூள் மிதக்கும், சிக்கரி பழுப்புக் கோடு விட்டபடி கீழே இறங்கும். இறங்கியது. அந்த டம்ளரைக் கையிலேயே ஏந்திக்கொண்டு கடைக்குப் போனேன். நாலு வாடிக்கையாளர்கள் நிற்கும்போது, "தம்பி, இது காபியா, சிக்கரிக் கஷாயமா?" என்று கேட்டேன். அந்தப் பிள்ளை முகம் சிவந்து, "சார், எங்கப்பா போட்ட அளவுதான் சார் நானும் போடறேன்" என்றான். நான் கேட்கவில்லை.

இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. தண்ணீர்ச் சோதனை சிக்கரி இருக்கிறதா என்று காட்டும், எவ்வளவு என்று காட்டாது. என் பொடியில் சிக்கரி இருப்பது எனக்கே தெரியும். நானேதான் கேட்டு வாங்குகிறேன். பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கிறது. சட்டப்படி கலப்புப் பொடியில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, இரண்டின் அளவையும் உறையில் போட்டாக வேண்டும். அவன் போட்டுத்தான் இருந்தான். இருக்கிறது என்று ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ஒன்றை 'கண்டுபிடித்து' ஆதாரம் என்று நீட்டினேன். ஆபீஸில் ஒரு ஜூனியர் இப்படி ஆடிட் நோட் எழுதியிருந்தால் மேஜை மேலேயே கிழித்திருப்பேன்.

நோட்டு போட ஆரம்பித்ததும் நல்ல எண்ணத்தில் அல்ல. கடைக்காரனை ஆதாரத்தோடு பிடிக்கத்தான். பேரன் மிச்சம் வைத்த நாற்பது பக்க நோட்டு ஒன்றில் தினமும் எழுதினேன். முதல் பன்னிரண்டு நாளின் பதிவுகள் இப்படி இருக்கும்: "சுமார்." "பரவாயில்லை." "மணம் போதாது." "இன்று நன்று." "மீண்டும் மோசம். ஏமாற்று வேலை."

ஒரு நாள் மனைவி அதை வாங்கிப் படித்தாள். "ஏங்க, இதைப் படிச்சுட்டு நாளைக்கு நான் எதை மாத்திப் போடணும்?" என்று கேட்டாள்.

பதில் இல்லை. பன்னிரண்டு நாள் எழுதியும் அவள் ஒரு ஸ்பூன் கூட்டுவதா, குறைப்பதா, பாலை மாற்றுவதா, எதற்கும் அதில் விடையில்லை. நான் எழுதியது வெறும் புலம்பல். சுவைக் குறிப்பு எழுதுகிறேன் என்று சொல்லும் பலர் செய்வதும் இதுதான் என்று பிறகு தெரிந்தது. இன்றைக்கு இளைஞர்கள் காபிக்கும் மற்ற பானங்களுக்கும் குறிப்பு எழுதுகிறார்கள். "மல்லிகை வாசம், உலர்ந்த திராட்சை, இளம் புளிப்பு, நூற்றுக்கு எண்பத்தாறு." என் மருமகன் இப்படி ஒரு புத்தகமே வைத்திருக்கிறான். காபிக் கொட்டையை மொத்தமாக வாங்கி விற்பவர்களுக்கு இந்தச் சொற்கள் வேண்டும். ஒரு ஊரில் சுவைத்தவர் இன்னொரு ஊரில் வாங்குபவருக்குப் புரியவைக்க ஒரு பொதுமொழி அவர்களுக்கு அவசியம். பாலும் சர்க்கரையும் போட்டு டபராவில் ஆற்றிக் குடிக்கிற நமக்கு அதில் என்ன இருக்கிறது? எண்பத்தாறு மார்க் போட்டேன், சரி. நாளை எண்பத்தெட்டு வாங்க எதை மாற்றுவது? மார்க் அதைச் சொல்லாது. 'மோசம்' என்பதற்கும் 'எண்பத்தாறு' என்பதற்கும் என் கண்ணுக்கு வித்தியாசம் இல்லை. இரண்டும் வவுச்சர் இல்லாத கணக்கு.

அன்றைக்கே நோட்டைத் திருத்தினேன். இடது பக்கம் குடிப்பதற்கு முன் எழுத வேண்டியது, வலது பக்கம் குடித்த பின் எழுத வேண்டியது.

இடது பக்கத்தில் நாம் மாற்றக்கூடிய விஷயங்கள் மட்டும். பொடி என்ன கலவை, அரைத்து எத்தனையாவது நாள். எத்தனை கிராம் பொடி, எவ்வளவு தண்ணீர், டிகாக்ஷன் இறங்க எத்தனை நிமிடம். எந்தப் பால், எத்தனை ஸ்பூன் சர்க்கரை. கடைசியில் உடம்பைப் பற்றி ஒரு சொல்: சளி, புது மாத்திரை, தூக்கம் இல்லை, இப்படி. இந்தக் கடைசிச் சொல்லை நம் வயதுக்காரர்கள் விட்டுவிடவே கூடாது. அறுபது தாண்டினால் மூக்கின் மோப்பம் பலருக்குக் குறைகிறது. சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு மோப்பம்தான். சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மின் போன்ற சில மாத்திரைகள் சிலருக்கு வாயில் உலோகச் சுவையைக் கொண்டுவரும். மாத்திரை மாறிய வாரத்தில் பொடியைத் திட்டுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! "அந்தக் காலத்துக் காபி போல வருமா?" என்று பெருமூச்சு விடுகிறவர்களும் கொஞ்சம் யோசிக்கலாம். மாறியது காபி மட்டும்தானா? அன்றைக்குக் குடித்தது முப்பது வயது மூக்கு.

வலது பக்கத்தில் நாலே வரி. முதலாவது, நேற்றையதோடு ஒப்பிட்டுக் கசப்பு கூடுதலா, குறைவா, அதேதானா. இரண்டாவது, அதேபோல் திடம். 'நல்ல கசப்பு', 'அருமையான திடம்' என்று எழுதக் கூடாது, கூடுதல், குறைவு, அதே என்ற மூன்றில் ஒன்றுதான். மூன்றாவது, குடித்து ஐந்து நிமிடம் கழித்துத் தொண்டையில் என்ன நிற்கிறது. ஐந்து நிமிடம் ஏன் என்றால், கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும்போது சூடு பாதிச் சுவையை மறைத்துவிடும். பொடியின் குறை ஆறும்போதுதான் வெளியே வரும். நாலாவது வரிதான் முக்கியம்: "நாளைக்கும் இதையே இப்படியே போடச் சொல்வேனா? ஆம் அல்லது இல்லை. ஏனென்றால்..." அந்த 'ஏனென்றால்' இல்லாமல் வரியை முடிக்கக் கூடாது என்று எனக்கு நானே விதி போட்டுக்கொண்டேன். டம்ளரின் அடியில் எவ்வளவு மிச்சம் வைத்தேன் என்பதையும் ஓரத்தில் குறித்தேன். வாய் 'பரவாயில்லை' என்று சொன்ன நாட்களில் டம்ளரில் கால்வாசி மிச்சம் இருந்தது. டம்ளர் பொய் சொல்லாது.

புதுப் பாக்கெட் பிரித்த நாளில் இந்த முறையில் ஆரம்பித்தேன். அந்த அரைக் கிலோ தீரும் வரை 24 பதிவுகள். அவை எல்லாவற்றிலும் 20 கிராம் பொடி, 120 மில்லி தண்ணீர், அதே நீலப் பாக்கெட் பால். மாற்றாமல் வைத்திருந்தது நல்லதாய்ப் போயிற்று. தீர்ந்த அன்று நோட்டை விரித்துக் கூட்டிப் பார்த்தேன். முதல் பத்து நாளில் 'ஆம்' எட்டு. அடுத்த பதினாலு நாளில் 'ஆம்' மூன்றே மூன்று. கடைசி வாரத்தில் ஒன்றுகூட இல்லை.

ஒரே பாக்கெட், ஒரே பொடி. சிக்கரியைக் கூட்டியிருந்தால் முதல் நாளிலிருந்தே கெட்டிருக்க வேண்டும். பாக்கெட்டுக்குள் உட்கார்ந்தபடி சிக்கரி பெருகாது அல்லவா? மாறிக்கொண்டே போனது ஒரே ஒரு பத்தி: அரைத்து எத்தனையாவது நாள்.

அப்போதுதான் உறைத்தது. முன்பு காலையும் மாலையும் காபி. ஒரு வேளைக்கு 20 கிராம் வீதம் நாளைக்கு 40 கிராம். அரைக் கிலோ பன்னிரண்டு நாளில் தீர்ந்துவிடும். டாக்டர் சொல்லி ஒரு வேளையாகக் குறைத்தோம். வாங்குவதை மட்டும் குறைக்கவில்லை. 'அரைக் கிலோ' என்று சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிவிட்டது. அதே பொட்டலம் இப்போது இருபத்தைந்து நாள் ஓடியது. காபிக் கொட்டையை அரைத்துவிட்டால் அதன் மணம் ஆயிரம் வாசல் திறந்துவிட்ட மாதிரி வெளியேறும். காற்றுப் பட்டுப்பட்டு எண்ணெய்ச் சத்தும் கெடும். முழுக் கொட்டை தாங்குவதைப் பொடி தாங்காது. அதிலும் எங்கள் வீட்டு டப்பா அடுப்பு மேடையில், அனல் படும் இடத்தில் இருந்தது. பிப்ரவரி பாதியில் கெட்டது கடைக்காரனின் நாணயம் அல்ல, என் டப்பாவில் இருந்த பொடி. குற்றம் நடந்த இடம் என் அடுக்களை. குற்றவாளி நான்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் என் நாக்கு விடவில்லை. "சரி, பொடி பழசானது ஒரு காரணம். சிக்கரியையும் கூட்டியிருக்கலாமே? எனக்குத் தெரியாதா?" என்றது. தெரியுமா தெரியாதா என்று பார்த்துவிடுவோம் என்று நோட்டின் பின்பக்கத்தில் ஒரு சோதனை செய்தோம். வீட்டிலேயே யாரும் செய்யலாம்.

மூன்று சின்ன டம்ளர், அடியில் ஒட்டிய காகிதத்தில் எண். இரண்டில் ஒரே காபி, ஒன்றில் வேறு. எது எது என்று கலந்து வைத்த மனைவிக்கு மட்டும் தெரியும். வைத்துவிட்டு அவள் கூடத்துக்குப் போய்விட வேண்டும், முகத்தைப் பார்த்து நான் ஊகிக்கக் கூடாது. மூன்றிலும் ஒரே சூடு, ஒரே சர்க்கரை, ஒரே பால். ஒவ்வொன்றிலும் கால் டம்ளர்தான், எனவே டாக்டர் சொன்ன அளவைத் தாண்டவில்லை. ஒரு காலைக்கு ஒரு முறை, ஐந்து காலை. தனியாக நிற்கும் டம்ளர் எது என்று எழுதிய பிறகே காகிதத்தைப் பார்க்க வேண்டும்.

கண்ணை மூடிக் கை வைத்தாலும் மூன்றில் ஒரு தடவை சரியாகிவிடும். ஆகவே ஐந்தில் ஒன்றோ இரண்டோ சரியானால் அதற்கு மதிப்பில்லை. ஐந்தில் நாலு சரியாக வேண்டும். வெறும் ஊகத்தில் நாலோ ஐந்தோ சரியாவது ஏறக்குறைய இருபத்திரண்டு முறைக்கு ஒரு முறைதான் நடக்கும். இது கணக்கு, நான் சரிபார்த்துவிட்டேன்.

முதல் ஐந்து காலை: அரைத்து இரண்டு நாளான பொடிக்கும் இருபது நாள் தாண்டிய பொடிக்கும் போட்டி. நாலு தடவை சரியாகச் சொன்னேன். பழசு எனக்குத் தெரிகிறது.

அடுத்த ஐந்து காலை: 20 பங்கு சிக்கரிக்கும் 30 பங்கு சிக்கரிக்கும் போட்டி. இரண்டும் புதிதாக அரைத்தவை. இந்த முறை பொடி வாங்க மனைவிதான் போனாள், எனக்கு முகம் இல்லை. ஐந்தில் இரண்டு சரி. அதாவது கண்ணை மூடிக் கை வைத்ததற்குச் சமம்.

நூற்றுக்கு 20 பங்கை 30 ஆக்கினாலும் என் நாக்குக்குத் தெரியவில்லை! எழுபது வயதை நெருங்கும் இந்த நாக்கை நம்பித்தான் நாலு பேர் முன்னால் ஒருவனைக் கலப்படக்காரன் என்றேன். நாக்குக்கு அன்று தெரிந்தது 'ஏதோ சரியில்லை' என்பது மட்டும். 'சிக்கரி' என்ற சொல்லை அதன் வாயில் வைத்தது என் மனம்.

மறுநாள் கடைக்குப் போனேன். கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்தே போனேன். நாலு பேர் முன்னால் சொன்ன பழியைத் தனியாக வந்து எடுத்துக்கொள்வது முறையல்ல. "தம்பி, அன்றைக்கு நான் சொன்னது தப்பு. பொடி சரியாகத்தான் இருக்கிறது. நான்தான் ஒரு மாசம் டப்பாவில் போட்டு வைத்திருந்தேன்" என்றேன். அவன் ஒன்றும் சொல்லாமல் தராசைத் துடைத்தான். பிறகு, "நூற்றிருபத்தஞ்சு கிராமா வாங்குங்க சார். ஆறு நாளைக்கு வரும். நீங்க வர்றப்ப அரைச்சுத் தர்றேன்" என்றான். அன்றிலிருந்து அப்படித்தான். ஆறு நாளைக்கு ஒரு நடை. டப்பாவையும் அடுப்பிலிருந்து தள்ளி மூடி இறுகும் எவர்சில்வர் டப்பாவாக மாற்றிவிட்டோம்.

இனி பெஞ்சு நண்பர்களின் ஆட்சேபணைகளுக்கு வருகிறேன்.

"எழுத உட்கார்ந்தால் ருசி போய்விடும், காபியை அனுபவிக்க வேண்டும்" என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. குடிக்கும்போதே பேனாவைப் பிடித்தால் ருசி போகும்தான். அதனால்தான் இடது பக்கத்தை டிகாக்ஷன் இறங்கும்போதும், வலது பக்கத்தைக் குடித்து ஐந்து நிமிடம் கழித்தும் எழுதச் சொல்கிறேன். டம்ளர் கையில் இருக்கும்போது பேனா மேஜையில் இருக்கட்டும். தவிர ஆயுசு முழுக்க எழுதச் சொல்லவில்லை. ஒரு மாதம் எழுதிக் கூட்டிப் பாருங்கள். கேள்விக்கு விடை கிடைத்ததும் நோட்டை மூடிவிடலாம். புதுக் கடை, புதுப் பொடி, புது மாத்திரை, இவற்றில் ஏதாவது வந்தால் மறுபடி திறந்தால் போதும்.

"எழுதாமலே நாளாவட்டத்தில் நமக்குப் பிடித்தது தெரிந்துவிடும்" என்கிறார்கள். நாற்பது வருஷம் போதாதா நாளாவட்டம்? எனக்குத் தெரியவில்லையே! ஒரு குடிக்கும் மறு குடிக்கும் நடுவே ஒரு நாள் இருக்கிறது. நேற்றைய கசப்பு இன்று நினைவில் இருப்பதில்லை, 'நேற்று நன்றாயிருந்தது' என்ற தீர்ப்பு மட்டும்தான் இருக்கிறது. அந்தத் தீர்ப்பும் நேற்று நமக்கு என்ன மனநிலை, எதிரில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதையெல்லாம் சேர்த்துக் கலந்தது. காரணம் எழுதாமல் தீர்ப்பை மட்டும் சேர்த்துக்கொண்டே போனால் நூறு தீர்ப்பு சேரும், ஒரு பாடம் சேராது. நான் நாற்பது வருஷத்தில் கற்காததை நோட்டு 24 பதிவில் சொன்னது அதில் காரணப் பத்தி இருந்ததால்தான்.

இன்னொரு நண்பர் நோட்டு போட்டே பார்த்தாராம், ஒன்றும் தெரியவில்லையாம். வாங்கிப் பார்த்தேன். திங்கட்கிழமை புதுப் பொடி, செவ்வாய்க்கிழமை புதுப் பொடியோடு ஆரஞ்சுப் பாக்கெட் பால், புதனன்று சர்க்கரைக்குப் பதில் வெல்லம். நீலப் பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், ஆரஞ்சில் 6. பாலை மாற்றினாலே காபியின் திடமும் கசப்பும் வேறாகத் தெரியும். இரண்டை ஒன்றாக மாற்றினால் நன்மை எதனால் வந்தது என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், மாற்றியதை மூன்று நாளாவது வைத்திருக்க வேண்டும். ஒரு நாள் காபி எதையும் நிரூபிக்காது. இரவு தூக்கம் இல்லாவிட்டாலே அன்றைய காபி தேவாமிர்தமாகிவிடும்.

நோட்டுக்கும் ஒரு எல்லை உண்டு. உலகத்தில் எது நல்ல காபி என்று அது சொல்லாது. என் நோட்டைப் பார்த்து நீங்கள் பொடி வாங்கினால் ஏமாந்து போவீர்கள். என் வீட்டுத் தண்ணீரில், என் வீட்டுப் பாலில், என் நாக்குக்கு எது பிடிக்கிறது என்பது மட்டும்தான் அதில் இருக்கிறது.

இதை நான் எவ்வளவு அழுத்திச் சொல்கிறேனோ அவ்வளவு அழுத்தமாக நானே இடறி விழுந்த கதை ஒன்று பாக்கி இருக்கிறது. சோதனை எல்லாம் முடிந்ததும் மனைவி, "எனக்கும் ஒரு பக்கம் கொடுங்க" என்றாள். கொடுத்தேன். ஒரு வாரம் எழுதினாள். அவள் பக்கத்தில் ஏழு நாளில் ஐந்து நாள் 'இல்லை'. ஏனென்றால் என்ற இடத்தில் ஐந்து நாளும் ஒரே சொல்: "தண்ணி."

எனக்குப் புரியவில்லை. ஒரே ஃபில்டர், ஒரே டிகாக்ஷன். 20 கிராம் பொடியில் 120 மில்லி தண்ணீர் ஊற்றினால் பொடி குடித்தது போக 80 மில்லி கீழே இறங்கும். ஆளுக்கு 40 மில்லி என்று நான் இடது பக்கத்தில் தினமும் எழுதியிருக்கிறேன். அவள் பக்கத்து இடது பத்தியைப் பார்த்தேன். "அவருக்கு முதல் டிகாக்ஷன் 60. எனக்கு 20, மிச்சம் இரண்டாம் டிகாக்ஷன்" என்று அளவு போட்டு எழுதியிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தானாம். அவள் மாமியார், அதாவது என் அம்மா, அப்படித்தான் கலந்து காட்டினாராம்.

என் நோட்டில் இருந்த 40 என்ற எண் முழுவதும் பொய். அடுக்களைக்குள் ஒரு நாள்கூடப் போய்ப் பார்க்காமல் எழுதியது. முப்பத்திரண்டு வருஷம் ஊரார் கணக்கில் நேரடிச் சரிபார்ப்பு இல்லை என்று சிவப்பு மையில் எழுதியவன் நான். என் வீட்டுக் கணக்கில் அதே குறை.

இப்போது பொடி 26 கிராம், தண்ணீர் 160 மில்லி. இறங்குவது நூறு மில்லியைக் கொஞ்சம் தாண்டும். ஆளுக்குப் பாதி. இரண்டாம் டிகாக்ஷன் கிடையாது. 125 கிராம் பொட்டலம் ஆறு நாளுக்குப் பதில் ஐந்து நாளில் தீர்கிறது, அதனால் பொடியும் இன்னும் புதிது. அளந்து ஊற்றுவது நான். அவள் பக்கத்தில் இந்த மாதம் இதுவரை ஒரே ஒரு 'இல்லை'தான். அன்றைக்குச் சர்க்கரை போட மறந்தவன் நான்தான்.